கேள்விக்குப் பின் ஒரு நொடி

இரண்டு ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடுதி அறையில் அமர்ந்து என் குரலையே ஐம்பது நிமிடம் கேட்டேன். அந்த வாரம் நான் எடுத்த பயிற்சி வகுப்பின் ஒலிப்பதிவு அது. ஹைதராபாத்தில் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் துறையில் இரண்டாம் ஆண்டு முதல் ஆய்வாளர்கள், ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலைப் படிப்பின் முதலாண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு டுடோரியல் எடுக்க வேண்டும். பேராசிரியர் விரிவுரையில் நடத்திய பகுதியிலிருந்து கணக்குகளை எடுத்து, மாணவர்களைக் கேள்வி கேட்டு, அவர்களைக் கொண்டே தீர்க்கச் செய்வது எங்கள் வேலை. என் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள்.

நான் நன்றாகவே நடத்துகிறேன் என்றுதான் நம்பியிருந்தேன். விரிவுரை போல ஒருவழிப் பேச்சாக இல்லாமல், நிமிடத்துக்கு ஒரு கேள்வியாவது கேட்கிறேன், பதில்களும் வருகின்றன, வகுப்பு கலகலப்பாக இருக்கிறது என்பது என் எண்ணம். பி.எட். முடித்துவிட்டு ஆய்வுக்கு வந்த நண்பர் ஒருவர் ஒருநாள் உணவுக்கூடத்தில், "நீங்கள் கேட்கும் கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். எண்ணியதில்லை. மாணவர்களிடம் சொல்லி ஒப்புதல் பெற்று, கைபேசியை மேசைமேல் வைத்துப் பதிவு செய்தேன். கேட்டு முடித்ததும் அழித்துவிடுவேன் என்று உறுதியளித்தேன். அதன்படியே பின்னர் அழித்தும் விட்டேன். நான் வைத்திருப்பது என் குறிப்பேட்டில் உள்ள எண்களும் சில வரிகளும் மட்டுமே.

ஒலிப்பதிவைக் கணினியில் ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்தால் பேச்சு மேடுகளாகவும் மௌனம் தட்டையான கோடாகவும் தெரியும். என் கேள்வி முடியும் இடத்திலிருந்து அடுத்த மேடு தொடங்கும் இடம் வரை அளந்தால் காத்திருந்த நேரம் கிடைத்துவிடும். அந்த அடுத்த மேடு என் குரலா, மாணவர் குரலா என்பதையும் குறித்துக்கொண்டேன். ஐம்பது நிமிடத்தில் எழுபத்தொரு கேள்விகள் கேட்டிருந்தேன். அவற்றில் பாதிக்கும் மேல் "புரிகிறதா?", "சரிதானே?", "அடுத்து போகலாமா?" என்பவை. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடக் கூடியவை. சிந்தித்துத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நானே ஏற்கும்படியான கேள்விகள் ஒன்பது. அந்த ஒன்பதில் ஏழுக்கு நான் காத்திருந்த நேரம் ஒரு நொடியைத் தொடவில்லை. நான்குக்கு, மௌனத்தைக் கலைத்த அடுத்த குரல் என்னுடையதே.

இது எனக்கு மட்டும் உரிய குறை அன்று என்பதைப் பிறகு படித்து அறிந்தேன். அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிநாடாப் பதிவுகளை ஆண்டுக்கணக்கில் அளந்து, 1974இல் தம் முடிவுகளை விரிவாக வெளியிட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்பது அவர் கண்டது. அவர் அளந்தது ஒரு மௌனத்தை அல்ல, இரண்டை. முதலாவது, ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்கும் மாணவர் பேசத் தொடங்குவதற்கும் இடையில் இருப்பது. இரண்டாவது, மாணவர் பேசி நிறுத்தியபின் ஆசிரியர் குறுக்கிடும் வரை இருப்பது. இரண்டாவதும் ஏறத்தாழ ஒரு நொடிதான். இவ்விரண்டையும் மூன்று நொடிக்கு மேல் நீட்டப் பயின்ற ஆசிரியர்களின் வகுப்புகளில் பதில்கள் நீண்டன. பதிலே இல்லாமல் போவது குறைந்தது. சான்று காட்டிப் பேசுவது கூடியது. மாணவர்கள் தாமாகவே கேள்வி கேட்கத் தொடங்கினர். ஆசிரியர் கேட்கும் கேள்விகளின் எண்ணிக்கை குறைந்து வகை கூடியது.

நெட் தேர்வின் முதல் தாளில் கற்பித்தல் திறன் ஒரு பகுதி. அதற்காக வகுப்பறைக் கேள்விகளைப் பற்றி நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களை நானும் மனப்பாடம் செய்தவன்தான். பி.எட். மாணவர் நுண்நிலைக் கற்பித்தலில் ஒரு திறனை மட்டும் எடுத்துச் சில நிமிடம் நடத்திக் காட்டி, குறை கேட்டு, மீண்டும் நடத்திக் காட்ட வேண்டும். பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வரும் நமக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. நாம் கண்ட ஆசிரியர்களின் பழக்கமே நம் பயிற்சி.

எண்களைவிட என்னை உறுத்தியது ஒரு கேள்வியின் கதி. அதை முழுதாகச் சொல்கிறேன்.

மின்சுற்றுகள் பற்றிய வாரம் அது. இரண்டு பழைய குண்டு பல்புகள். ஒன்றின்மேல் 40 வாட், 230 வோல்ட் என்றும் மற்றதன்மேல் 100 வாட், 230 வோல்ட் என்றும் அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டையும் தொடர் இணைப்பில் சேர்த்து 230 வோல்ட் கொடுத்தால் எது கூடுதலாக ஒளிரும்? வீட்டு அனுபவம் 100 வாட் என்று சொல்லும். வீட்டில் பல்புகள் பக்க இணைப்பில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கிறது, அங்கே அது உண்மை. தொடர் இணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம் பாய்கிறது, ஆகவே மின்தடை மிகுந்ததே மிகுந்த திறனை வெளியிடும். அச்சிட்ட அளவுகளிலிருந்து R = V²/P என்று கணக்கிட்டால் 40 வாட் பல்பின் மின்தடை சுமார் 1320 ஓம், 100 வாட் பல்பினுடையது சுமார் 530 ஓம். எனவே 40 வாட் பல்பே இரண்டரை மடங்கு கூடுதல் திறனைப் பெறும். முதலில் தோன்றும் விடை தவறாகவும், சற்று நின்றால் சரியான விடைக்கு வழி தெரிவதாகவும் அமைந்த நல்ல கேள்வி இது.

பதிவில் அந்தப் பகுதி இப்படி இருந்தது. நான் கேள்வியை முடிக்கிறேன். முக்கால் நொடிக்குள் முதல் வரிசையிலிருந்து "100 வாட்" என்று ஒரு குரல். அது முடியும் முன்பே என் குரல்: "அப்படியா? தொடர் இணைப்பில் எது சமம்?" "மின்னோட்டம்." "அப்படியானால் I²R. எதன் R அதிகம்?" "40." "மிக நன்று. ஆகவே 40 வாட் பல்புதான் கூடுதலாக ஒளிரும்." கேள்வியிலிருந்து விடை வரை நாற்பது நொடிகூட ஆகவில்லை. பதில் சொன்னது ஒரே மாணவர். உண்மையில் அவரும் பதில் சொல்லவில்லை. நான் ஒரு கணக்கை மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் கடைசிச் சொல்லை மட்டும் அவரிடம் நிரப்பச் சொன்னேன். சிந்தனை முழுவதும் என்னுடையது, சொற்கள் மட்டும் அவருடையவை. வகுப்பில் நின்றபோது இதைத்தான் கலகலப்பு என்று எண்ணினேன்.

அந்த "மிக நன்று" முடிந்த உடனே, தொலைவிலிருந்து, கைபேசியில் மங்கலாகப் பதிவான ஒரு பெண்குரல், "சார், ஆனால் பல்பு அப்போது..." என்று தொடங்குகிறது. என் குரல் அதன்மேல் ஏறுகிறது: "சரி, அடுத்த கணக்கு." அவ்வளவுதான். வகுப்பில் எனக்கு அது கேட்டதாகவே நினைவில்லை. மூன்று முறை திரும்பக் கேட்டபிறகுதான் யாருடைய குரல் என்று தெரிந்தது. கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில் அமர்பவர். தெலுங்கு வழியில் பள்ளிப்படிப்பை முடித்து வந்தவர். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெறுபவர், வகுப்பில் பேசாதவர் என்று நான் முடிவுகட்டி வைத்திருந்தேன். பேசாதவர் அல்லர் அவர். பேசத் தொடங்கிய இடத்தில் நான் பேசிவிட்டேன்.

இதை நான் முன்பே உணர்ந்திருக்க வேண்டும். நானும் தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்குப் போனவன். முதலாண்டில் ஆசிரியர் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டால், அதை முதலில் தமிழாக்கிப் புரிந்துகொள்வேன். பிறகு தமிழில் விடை தோன்றும். அதை ஆங்கில வாக்கியமாகக் கட்டுவேன். இறந்தகாலமா நிகழ்காலமா என்று ஒருமுறை மனத்துக்குள் சரிபார்ப்பேன். கையை உயர்த்தலாம் என்று தோன்றும் வேளையில் கரும்பலகையில் வேறொரு கணக்கு இருக்கும். என் மந்தம் என்றுதான் அன்று நினைத்தேன். ஒரு நொடி இடைவெளியில் அத்தனை வேலையை எவராலும் செய்ய முடியாது என்பது மேடையின் இந்தப் பக்கம் வந்து, என் குரலையே அளந்து பார்க்கும் வரை எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரமே மாற்றிக்கொள்ள முயன்றேன். அது அவ்வளவு எளிதாக இல்லை. என் முயற்சிகள் எவ்வாறு தவறின என்பதைச் சொல்வது பயன் தரும் என்று நினைக்கிறேன், ஏனெனில் "மூன்று நொடி காத்திருங்கள்" என்ற அறிவுரை கேட்பதற்கு மிக எளிதாக இருக்கிறது.

முதல் தவறு, மௌனத்தை என் சொற்களாலேயே நிரப்பியது. கேள்வி கேட்டு இரண்டு நொடி ஆனதும், "அதாவது, எந்தப் பல்பில் திறன் அதிகம் செலவாகும்?" என்று வேறு சொற்களில் திரும்பக் கேட்டேன். இன்னும் இரண்டு நொடி கழித்து, "மின்தடையை நினைத்துப் பாருங்கள்" என்றேன். எனக்கு அது உதவி போலத் தோன்றியது. பதிவில் கேட்டால் வேறாக இருந்தது. முதல் வாக்கியத்தைப் பிடித்து யோசிக்கத் தொடங்கியவர் இரண்டாவது வாக்கியத்துக்காக அதை விட்டுவிட வேண்டும், மூன்றாவதற்காக மறுபடியும் விட வேண்டும். ஒவ்வொரு மறுசொல்லும் கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்புகிறது. இதற்கு நான் கண்ட மருந்து, கேள்வியை வகுப்புக்கு முன்பே ஒரே வாக்கியமாக எழுதி வைத்துக்கொண்டு, கரும்பலகையில் அப்படியே எழுதிவிடுவது. எழுதியபிறகு அதை மாற்றிச் சொல்லும் ஆசை குறைகிறது. கேட்டுப் புரிந்துகொள்வதில் பின்தங்குபவர் படித்துப் புரிந்துகொள்ளவும் முடிகிறது.

இரண்டாம் தவறு, எல்லாக் கேள்விக்கும் காத்திருந்தது. "ஓமின் விதி என்ன?" என்று கேட்டுவிட்டு ஐந்து நொடி நின்றேன். தெரிந்தவருக்கு அந்த நேரம் தேவையில்லை. தெரியாதவருக்கு அது போதாது, ஐந்து நிமிடம் கொடுத்தாலும் நினைவில் இல்லாத விதி வந்துவிடாது. நினைவை மட்டும் சோதிக்கும் கேள்வியின் பின் வரும் மௌனம் வெறும் சங்கடம். காத்திருப்பதற்கு முன், காத்திருக்கத் தகுந்த கேள்வியாக அது இருக்க வேண்டும். யோசிக்கும்போது அந்த நேரத்தில் மனம் செய்வதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும்: ஒப்பிடுதல், ஊகித்தல், காரணம் தேடுதல், தன் ஊகத்துக்கு எதிரான ஒன்றைக் காணுதல். அத்தகைய கேள்விகளை நின்ற இடத்தில் உருவாக்க எனக்கு வரவில்லை. ஒரு வகுப்புக்கு மூன்று என்று முன்னிரவில் எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று.

மூன்றாம் தவறு, காத்திருக்கும்போது ஒருவரையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் பொறுமையாக இருப்பதாக நினைத்தேன். பார்க்கப்பட்ட மாணவருக்கு அது விசாரணை. அவர் யோசித்தது மின்தடையைப் பற்றி அல்ல, எப்போது என் பார்வை நகரும் என்பதைப் பற்றி. பயத்தால் வரும் மௌனமும் சிந்தனையால் வரும் மௌனமும் மென்பொருளில் ஒரே தட்டைக் கோடாகத்தான் தெரியும். வகுப்பில் மட்டும் வேறுபாடு தெரியும். யோசிப்பவரின் கண் மேலேயோ நோட்டிலோ இருக்கும், கை எதையாவது கிறுக்கும். பயந்தவர் அசையமாட்டார். அதனால் கேள்வியை எழுதியதும் நான் சன்னல் பக்கம் போய் நிற்கப் பழகினேன். எல்லோரும் தம் ஊகத்தையும் ஒரு வரிக் காரணத்தையும் நோட்டில் எழுத ஒரு நிமிடம் கொடுத்தேன். அதுவரை யாரும் விடை சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். முதல் வரிசை நண்பருக்கு இது சற்று வருத்தம்தான். ஆனால் முக்கால் நொடியில் அவர் சொல்லும் விடை, எஞ்சிய நாற்பத்தொரு பேர் யோசிப்பதை நிறுத்திவிடுகிறது என்று அவரிடம் தனியே சொன்னபோது புரிந்துகொண்டார்.

மறு ஆண்டு, புதிய முதலாண்டு மாணவர்களிடம் அதே பல்புக் கேள்வியைக் கொண்டுபோனேன். கரும்பலகையில் எழுதிவிட்டுச் சன்னலுக்குப் போனேன். ஒரு நிமிடம் கழித்து, எழுதியதைக் கைதூக்கச் சொல்லி எண்ணினேன். இருபத்தாறு பேர் 100 வாட், ஒன்பது பேர் 40 வாட், மூவர் இரண்டும் சமம். எண்களைப் பலகையில் எழுதினேன், எது சரி என்று சொல்லவில்லை. 40 என்று எழுதிய ஒருவரைக் காரணம் கேட்டேன். "அதன் மின்தடை அதிகம்" என்றார். என் வாயில் "மிக நன்று" வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன்.

இந்த இரண்டாவது மௌனம்தான் முதலாவதைவிடக் கடினம். முதலாவதில் யாரும் பேசவில்லை என்ற சங்கடம் மட்டும். இரண்டாவதில் ஒருவர் சரியாகவோ தவறாகவோ ஏதோ சொல்லியிருக்கிறார். அதைத் தீர்ப்பிடுவதே ஆசிரியரின் கடமை என்று உடம்பு முழுதும் பழகியிருக்கிறது. ஆனால் "மிக நன்று" என்ற சொல் அந்த இடத்தில் செய்யும் வேலை பாராட்டு மட்டும் அல்ல. விடை கிடைத்துவிட்டது, இனி யாரும் யோசிக்க வேண்டியதில்லை என்ற அறிவிப்பும் கூட. ரோ தம் ஆய்வில் காத்திருக்கும் நேரத்தோடு பாராட்டுச் சொற்களையும் சேர்த்து ஆராய்ந்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நான் பேசாமல் நின்றேன். நான்கு நொடி இருக்கும். சொன்னவரே தொடர்ந்தார்: "40 வாட் என்றால் குறைந்த திறன். அதே 230 வோல்ட்டில் குறைந்த திறன் என்றால் குறைந்த மின்னோட்டம். ஆகவே மின்தடை அதிகம்." இப்போது சூத்திரம் இல்லாமலே காரணம் வந்துவிட்டது. இன்னொருவர் என்னைப் பாராமல் அவரைப் பார்த்துக் கேட்டார்: "ஆனால் இங்கே அதற்கு 230 வோல்ட் கிடைக்கவில்லையே. பிறகு எப்படி 40 வாட்?" இதற்கும் நான் பதில் சொல்லவில்லை. "இதைப் பற்றி வேறு யாருக்காவது?" என்று மட்டும் திருப்பிவிட்டேன். நுண்நிலைக் கற்பித்தலில் ஆழ்ந்தறியும் வினாத்திறனின் கூறுகளில் ஒன்று இது, ஒருவர் சொன்னதை மற்றொருவருக்குத் திருப்பிவிடுதல் என்று நண்பர் சொல்லித் தந்திருந்தார். அச்சிட்டிருக்கும் 40 என்பது பல்பின் குணம் அல்ல, 230 வோல்ட்டில் மட்டும் அது எடுக்கும் திறன் என்ற இடத்துக்கு அவர்களே வந்தார்கள். கணக்கிட்டுப் பார்த்து, இந்தச் சுற்றில் 40 வாட் பல்பு சுமார் 20 வாட்டும் 100 வாட் பல்பு சுமார் 8 வாட்டும் எடுக்கும் என்றார்கள்.

முடிந்தது என்று நினைத்தேன். எனினும் மூன்று நொடி என்ற விதிக்காக நின்றேன். அப்போது சுவரோரம் இருந்த ஒருவர் தயங்கித் தயங்கி, "சார், பல்பு அவ்வளவு சூடாகாது அல்லவா? அப்படியானால் மின்தடை அதே அளவு இருக்குமா?" என்றார்.

அந்தக் கணக்கை ஐந்தாறு முறை நடத்தியிருக்கிறேன். பாடநூல்கள் இந்தக் கேள்வியை எழுப்புவதில்லை, நானும் எழுப்பியதில்லை. பல்பின் இழை டங்ஸ்டன். அதன் மின்தடை வெப்பநிலையோடு ஏறும். குளிர்ந்த இழையின் மின்தடை, முழுதாக ஒளிரும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கினும் குறைவு. 1320, 530 என்று நாம் போட்ட எண்கள் முழு ஒளியில் மட்டுமே உண்மை. இந்தச் சுற்றில் இரண்டு இழைகளும் அதைவிடக் குளிர்ந்திருக்கும், எனவே 20 வாட், 8 வாட் என்ற விடைகளும் பிழை. எப்பக்கம் பிழை என்று வகுப்பிடம் கேட்டேன். இப்போது காத்திருக்க நான் முயல வேண்டியிருக்கவில்லை, ஏனெனில் எனக்கே யோசிக்க நேரம் தேவைப்பட்டது. 100 வாட் பல்பே மிகக் குறைந்த பங்கைப் பெறுவதால் அதன் இழைதான் மிகுதியாகக் குளிரும். அதன் மின்தடை மேலும் விகிதத்தில் குறையும், அதனால் அதன் பங்கு மேலும் சுருங்கும். ஆக, 40 வாட் பல்பு கூடுதலாக ஒளிரும் என்ற முடிவு நிற்கிறது, இரண்டரை மடங்கு என்ற எண் நிற்கவில்லை, உண்மையான வேறுபாடு அதைவிடப் பெரியது. அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு பல்புகளைக் கொண்டுவந்து இணைத்துக் காட்டினேன். 100 வாட் பல்பு ஏறத்தாழ இருண்டே கிடந்தது.

"சார், ஆனால் பல்பு அப்போது..." முந்தைய ஆண்டுப் பதிவின் அந்த நான்கு சொற்கள் அன்றிரவு திரும்பத் திரும்ப நினைவில் வந்தன. அவரும் இதையேதான் கேட்க வந்தாரோ? சில மாதங்களுக்கு முன், அவர் மூன்றாம் ஆண்டுக்கு வந்தபின், நூலகத்தின் முன்னே தேநீர்க் கடையில் அவரைச் சந்தித்தபோது நடந்ததைச் சொல்லிக் கேட்டேன். சிரித்தார். என்ன கேட்க வந்தேன் என்பது நினைவில்லை சார் என்றார். சற்றுப் பொறுத்து, வேறொன்று சொன்னார்: "முதல் செமஸ்டரில் ஒவ்வொரு வகுப்பிலும் மனத்துக்குள் வாக்கியம் தயார் செய்வேன். தயாராகும்போது நீங்கள் அடுத்த கணக்கில் இருப்பீர்கள். பிறகு தயார் செய்வதை விட்டுவிட்டேன்."

இதற்கு நான் எந்த மறுமொழியும் சொல்லவில்லை. கையில் இருந்த தேநீர் ஆறிவிட்டது. பதில் சொல்லாமல் போனது ஒரு கேள்வி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒருவர் வகுப்பில் யோசிப்பதையே நிறுத்திக்கொள்ள நான் காரணமாயிருக்கிறேன் என்பதும், மதிப்பெண் பட்டியல் இதை ஒருபோதும் காட்டியிருக்காது என்பதும் அப்போதுதான் தெரிந்தன.

இந்த முறைக்கு விலை உண்டு. பல்புக் கேள்வி ஒன்றுக்கே இருபத்திரண்டு நிமிடம் போயிற்று. முன்பு ஒரு வகுப்பில் எட்டுக் கணக்குகள் முடிப்பேன், இப்போது நான்கு. எஞ்சியவற்றை விடைக்குறிப்போடு கொடுத்துவிடுகிறேன். தேர்வுக்கு முந்திய வாரத்தில் இது மாணவர்களுக்கே பிடிப்பதில்லை, அந்த வாரங்களில் நானும் வேகமாகவே போகிறேன். நூற்றைம்பது பேர் அமரும் விரிவுரை அரங்கில் ஆசிரியர் மூன்று நொடி நிற்பதால் பெரிதாக ஒன்றும் நேராது. அங்கே மௌனத்துக்கு ஒரு வடிவம் வேண்டும். ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களில் வளர்த்தெடுத்த சக மாணவர் வழிக் கற்பித்தல் அத்தகையது: ஒரு கேள்வி, தனியே யோசித்து ஒரு வாக்கு, பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடியும் ஒரு வாக்கு. என் வகுப்பில் கைதூக்கி எண்ணியது அதன் சிறு சாயல்தான்.

இந்தப் பருவத்தில் மீண்டும் ஒரு வகுப்பைப் பதிவு செய்தேன். கேள்விகள் பத்தொன்பது. சிந்தனை வேண்டுபவை ஏழு. அவற்றுக்குப் பின் நான் காத்த நேரம் பெரும்பாலும் நான்கு நொடிக்கு மேல். ஒரு மாணவர் பேசியபின் என் குரல் வராமல் மற்றொரு மாணவர் பேசிய இடங்கள் பதினொன்று. முதல் பதிவில் அப்படி ஒன்றுகூட இல்லை. நான் முன்னேறியிருக்கிறேனா என்பதற்கு நொடிக்கணக்கைவிட இந்தக் கடைசி எண்ணையே நம்புகிறேன், ஏனெனில் அதை நான் நடிக்க முடியாது.

ஆனால் இம்முறை ஒரு பத்தி கூடுதலாகப் போட்டேன்: யாருக்காகக் காத்தேன்? நன்றாகப் படிப்பவர் என்று நான் எண்ணுபவர் தடுமாறியபோது ஐந்து, ஆறு நொடி நின்றிருக்கிறேன். அவரிடம் விடை இருக்கிறது, வரும் என்ற நம்பிக்கை. நலிந்தவர் என்று நான் எண்ணும் இருவர் தடுமாறியபோது இரண்டு நொடிக்குள் உதவிக்கு ஓடிவிட்டேன். அவர்களைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுவதாகவே அந்தக் கணத்தில் நினைத்தேன். திறன் குறைந்தவர் என்று ஆசிரியர் கருதும் மாணவருக்குக் குறைந்த நேரமே கிடைக்கிறது என்பதையும் ரோ அன்றே அளந்து எழுதியிருக்கிறார். அதைப் படித்து, அடிக்கோடிட்டு, நண்பர்களிடம் எடுத்துச் சொன்ன பிறகும் என் பதிவில் அதுவே இருக்கிறது.

வரும் வியாழக்கிழமை அடுத்த வகுப்பு. அந்த இருவரின் பெயரையும் நாளைய கேள்வித்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் எழுதியிருப்பது ஒரு சொல்தான்: பொறு. அது அவர்களுக்கு அல்ல, எனக்கு.